மல்லாந்து பார்த்த சீலிங்

கேம்ப் ரோட்டில் இருக்கும் என் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், இது ஷைனிங்கா இருக்குமா?" எந்த அறைக்கு, அந்தச் சுவரை யார் தொடுவார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும், ஒன்றும் கிடையாது. பளபளக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் கால்வாசிப் பேர் இன்னொரு ரகம். ஏதோ ஹோட்டலில் ஒரு நாள் தங்கியிருப்பார்கள், அங்கே சுவர் மங்கலாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கும். உடனே அடுப்பங்கரை உட்பட வீடு முழுக்க மேட். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயை அந்தச் சுவர் குடித்துவிட்டு நிற்கும். துடைக்கத் துடைக்கக் கறை பரவும். அப்புறம் என்னிடமே வந்து, என் பெயிண்ட் மட்டம் என்று சண்டை போடுவார்கள்.

விஷயம் ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. மேட் பெயிண்டில் பவுடர் அதிகம், அதைப் பிடித்து வைக்கும் பசை குறைவு. காய்ந்த பிறகு மேற்பரப்பு சொரசொரப்பாகத்தான் இருக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. வெளிச்சம் பட்டால் நாலா பக்கமும் சிதறிவிடும், அதனால் மேடு பள்ளம், சுவரைச் சமமாக்கப் பட்டி பார்த்த தடம் எல்லாம் மறையும். யாரும் தொடாத சீலிங்குக்கு அதைவிட நல்லது கிடையாது. கிளாஸியில் பசை அதிகம். மழமழவென்று இருக்கும், அழுக்கு ஒட்டாது, ஈரத் துணியால் துடைத்துவிடலாம். ஆனால் மேஸ்திரி செய்த தப்பையெல்லாம் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். கதவுக்கும் கிரில்லுக்கும் சரி. இரண்டுக்கும் நடுவில் சாட்டின். லேசான மினுமினுப்பு, துடைத்தாலும் தாங்கும். குழந்தைகள் அறைக்கும் அடுப்பங்கரைக்கும் அது போதும். தினமும் இதையே ஒப்பிக்கிறேன். கேட்டுவிட்டு, "சரி மேடம், அதுல ஷைனிங் எது?" என்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் பாலகுருவைத்தான் சொல்வேன். பம்மல்காரர். பெயிண்டிங் கான்ட்ராக்டர். சேலையூரில் பாதி வீடுகளுக்கு அவர் ஆட்கள்தான் அடித்திருப்பார்கள். அவர் பிரஷ்ஷைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. ஒரு சொட்டு பெயிண்ட் படாத வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு சின்ன டார்ச். வேலை முடிந்ததும் ஆட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அந்த டார்ச்சைச் சுவரில் அடிப்பார். வெளிச்சம் திரும்பி அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டால் வேலை பாஸ். படாவிட்டால் இன்னொரு கோட். மற்றவர்கள் டார்ச் அடிப்பது குறையைக் கண்டுபிடிக்க. இவர் அடிப்பது தன் பெருமையைப் பார்த்துக்கொள்ள.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று அவரே ஒரு முறை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, என் காசில் டீ குடித்துக்கொண்டு சொன்னார். அவருடைய அப்பாவுக்குப் பம்மலில் தோல் கம்பெனியில் வேலை. ஊறவைத்து, சுரண்டி, காயவைத்து, நாற்றம் பிடித்த அந்தத் தோல் எல்லாக் கையும் மாறிக் கடைசியில் அப்பாவிடம் வருமாம். அவர் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த பிறகுதான் முதலாளி தொட்டுப் பார்ப்பாராம்.

"அது வரைக்கும் அது வெறும் தோலு. எங்கப்பா கை பட்டப்பறம்தான் சரக்கு. பளபளன்னு இல்லாங்காட்டி அது முடிஞ்ச வேலையே இல்ல மேடம்," என்றார்.

"செருப்புக்குச் சரி. வீட்டுக்கு எதுக்குண்ணா?" என்றேன்.

"ஒங்களுக்கு விக்கத்தான் தெரியும். வேலை தெரியாது," என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்டார். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை காலம் பிழைத்திருக்கிறார்.

ஆனாலும் ஆரம்பத்தில் சீலிங்கை அவர் விட்டுவைத்திருந்தார். ஊர் வழக்கப்படி சீலிங்குக்கு மேட் வெள்ளைதான் அடிப்பார். அதையும் கெடுத்தது சாம்பசிவன் சார் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

சாம்பசிவன் ரிட்டையர்டு அதிகாரி. சேலையூரில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தார். பாலகுருதான் பெயிண்டிங். பெயிண்ட் வாசனை போவதற்குள் நல்ல நாள் வந்துவிட்டது. ஹாலின் நடுவில் செங்கல் அடுக்கி ஹோமம் வளர்த்தார்கள். நெய்யும் சமித்தும் போய்விழுந்த வேகத்தில் புகை நேராகப் போய் சீலிங்கில் முட்டி நின்றது. ஹோமம் நடத்திய வாத்தியார் மூடியிருந்த ஜன்னலைத் திறக்கச் சொல்ல, காற்றில் அக்னி அணைந்துவிடும் என்று வீட்டம்மா திறக்க விடவில்லை. எல்லாம் முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் புது சீலிங்கில் கரி வட்டம். சாம்பசிவன் சாரால் அக்னியைத் திட்ட முடியாது, வாத்தியாரைத் திட்ட முடியாது. பாலகுருவைக் கூப்பிட்டுத் திட்டினார்.

அப்போதே என்னிடம் வந்திருந்தால் சொல்லியிருப்பேன். கரியை ஈரத்தோடு தொடக் கூடாது, உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் கறையை அடக்கும் பிரைமர் ஒரு கோட், இல்லாவிட்டால் எத்தனை வெள்ளை அடித்தாலும் கறை மேலே கசிந்து வரும். அதன்மேல் மறுபடி மேட். மேட்டில் ஒட்டுப் போட்டால் அவ்வளவாகத் தெரியாது, அதுதான் அதன் நல்ல குணம். ஆனால் பாலகுரு யாரையாவது கேட்டால் அவர் பாலகுரு இல்லையே. பக்கெட்டில் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு ஏணியில் ஏறி, சாம்பசிவன் சாரின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, தேய் தேய் என்று தேய்த்தார். கரி சாம்பல் நிறத்தில் பரவியது. நடுவில் தேய்த்த இடம் மட்டும் வழவழப்பாகி, தட்டு வைத்த மாதிரி மின்னியது. மேட்டை அழுத்தித் தேய்த்தால் அப்படித்தான் ஆகும். "சீலிங்ல என்ன சார், தாம்பாளமா?" என்று எவனோ கேட்டுவிட்டான். அதற்கு எழுந்த சிரிப்பு பாலகுருவின் காதை விட்டுப் போகவே இல்லை.

மறுநாளே அந்த சீலிங் முழுக்கக் கிளாஸி எனாமல் அடித்தார். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற ஆயில் பெயிண்ட். அன்றிலிருந்து அவர் கையில் வந்த எந்த வீட்டு சீலிங்கும் தப்பவில்லை. "சாமி கும்புட்ற வூடு மேடம். நாளைக்கே ஹோமம் பண்ணுவாங்கோ. கிளாஸின்னா ஒரு துணி போட்டா போச்சு," என்பார். ஹோமம் வளர்க்கிற வீட்டில் அது வாழ்நாளில் ஓரிரு முறைதான். அந்த ஓரிரு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் டியூப்லைட்டை இரண்டாகப் பார்த்துக்கொண்டு கண்கூசிச் சாக வேண்டும். அதைச் சொன்னால் கேட்கிற காது அவருக்கு இல்லை.

தன் சொந்த வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருக்கு ஒரு முறை காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பம்மலுக்குப் போயிருந்தேன். சின்ன வீடு. ஒரு ஹால், ஒரு அடுப்பங்கரை. சுவர், சீலிங், ஷெல்ஃப், எல்லாம் கிளாஸி. வாசல் வெயில் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டு உள்ளே வந்து சீலிங்கில் அடித்து, அங்கிருந்து முகத்தில் இறங்கியது. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஓரத்தில் பாய் போட்டு அவர் மனைவி முத்தாலம்மாள் படுத்திருந்தார். கோவளம் பக்கத்து மீனவர் குடும்பம். விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து, பம்மல் தெருவில் விற்றுத் தீர்த்துவிட்டு, அந்த மத்தியானத் தூக்கத்தில்தான் மறுநாளுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்கிறவர். முந்தானையை முகம் முழுக்க இழுத்துப் போர்த்தியிருந்தார். வேர்த்து, துணி மூக்கோடு ஒட்டி ஏறி இறங்கியது.

"ஏன்ணா இவங்க இப்படித் தூங்கறாங்க? கண்ணு கூசுதா?" என்று கேட்டேன்.

"அது அவ பழக்கம்," என்றார் பாலகுரு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சீலிங்கை எத்தனை கோட் அடித்தார் என்று காய்ச்சலிலும் எனக்கு விளக்கினார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஹெப்சி மாட்டினாள்.

ஹெப்சி என் கடைக்குப் பின் தெருவில் இருப்பவள். ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள், விட்டுவிட்டாள். மாமியார் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினாள். பெற்றோர் ஆபீஸிலிருந்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பருப்புச் சாதம் ஊட்டுவது, மத்தியானம் தூங்க வைப்பது. சொன்னால் எளிது. ஆனால் இந்தப் பக்கத்தில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் காப்பகத்தை எடைபோடுவது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான். பிள்ளை மத்தியானம் தூங்கியதா? தூங்கின பிள்ளை சாயங்காலம் சிரித்துக்கொண்டு வரும். தூங்காத பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழும், சோற்றைத் துப்பும், அம்மாவின் உயிரை வாங்கும். இரண்டு வாரம் அப்படி நடந்தால் வேறு இடம் பார்ப்பார்கள். ஹெப்சியின் காப்பகம் நிற்குமா மூடுமா என்பது அந்தத் தூக்கத்தில்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். மாமியாருக்கும் தெரியும், அந்தம்மாள் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டிங்கைப் பாலகுருவிடம் கொடுத்தபோது ஹெப்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலகுருவும் கிளாஸியை என்னிடம் வாங்கவில்லை. வாங்கினால் எதற்கு என்று குடைவேன் என்று தெரிந்து, பம்மலில் வேறு கடையில் வாங்கியிருக்கிறார். அவ்வளவு விவரம் இருக்கிறது, எது எங்கே என்கிற விவரம்தான் இல்லை.

காப்பகம் திறந்து கொஞ்ச நாளில் ஹெப்சி கடைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, கிரேயான் கறை போறதுக்கு ஏதாவது லிக்விட் இருக்கா? தொடச்சா சுவரே தேய்ஞ்சு பளபளன்னு திட்டுத் திட்டா ஆகுது," என்றாள்.

"சுவருக்கு என்ன அடிச்சாரு?"

"மேட்னு சொன்னாரு. சுவர் டல்லா இருந்தாத்தான் சீலிங் எடுப்பா இருக்குமாம்."

"சீலிங் என்ன அடிச்சாரு?"

"அது நல்லா ஷைனிங்கா இருக்கு அக்கா," என்றாள், பாவம், அது ஒன்றுதான் உருப்படி என்கிற மாதிரி. பிறகு கேட்காமலே சொன்னாள். "ஆனா ஒரு பிள்ளையும் தூங்க மாட்டேங்குது. பாட்டுப் போட்டுப் பார்த்தேன், தட்டிக்கொடுத்துப் பார்த்தேன். ரெண்டு அம்மா இந்த வாரம் பார்த்துட்டு நிறுத்திடறேன்னு சொல்லிட்டாங்க. ஒரு அம்மா, நீங்க பிள்ளைய அடிக்கிறீங்களான்னே கேட்டுட்டாங்க." அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அன்று மத்தியானமே போனேன். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தாள், ஆனால் விளக்கு ஒன்றை எரியவிட வேண்டும், இல்லாவிட்டால் சின்னதுகள் பயப்படும். பாய்களில் பிள்ளைகள் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். ஒன்றாவது கண்ணை மூட வேண்டுமே. எல்லாம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஓசைப்படாமல் ஒரு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணாந்தேன். உட்கார்ந்து பார்த்தால் பளபளப்பு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண் குழந்தை என் புடவையை இழுத்து, "ஆன்ட்டி, மேல தண்ணி சுத்துது," என்றது.

நானும் படுத்தேன். அது சொன்னது சரி. ஃபேன் சுற்றுகிறது, அதன் பிம்பம் அந்த எண்ணெய்ப் பளபளப்பில் கலங்கிக் கலங்கிச் சுற்றுகிறது. அதற்கு நடுவில் விளக்கின் வெளிச்சம் வெட்டி வெட்டி விழுகிறது. பட்டி பார்த்த தடங்களில் எல்லாம் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடுகிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது, ஆனால் கிணறு தலைக்கு மேலே. பெரிய மனுஷி எனக்கே கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தப் பிஞ்சுகள் எப்படித் தூங்கும்?

அடுப்பங்கரையையும் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் மேட் சுவரில் பருப்புத் தாளித்த எண்ணெய் மஞ்சளாக இறங்கியிருந்தது. துடைக்க வேண்டிய இடத்திலெல்லாம் துடைக்க முடியாததை அடித்துவிட்டு, ஒருத்தரும் துடைக்கப் போகாத இடத்தில் துடைக்க முடிந்ததை அடித்திருக்கிறார். வேண்டுமென்றே செய்தாலும் இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழாகச் செய்ய முடியாது.

பாலகுருவுக்குப் போன் போட்டு அங்கேயே வரச்சொன்னேன். ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளைச் சட்டை, டார்ச் சகிதம். உள்ளே வந்ததும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, சீலிங்கைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணாடி மாரி கீது பாருங்க. இன்னா கொற இதுல?"

"பிள்ளைங்க தூங்கலன்னு ரெண்டு அம்மா நிறுத்தப் போறாங்க. எதுக்குண்ணா இங்க கிளாஸி?" என்றேன்.

"நாளைக்கு ஒரு ஹோமம் கீமம் பண்ணா கரி புடிக்காது. தொடச்சா போயிடும்."

ஹெப்சி கழுத்தில் தொங்கிய சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சுவரில் பெரிய இயேசு படம் மாட்டியிருந்தது, அதற்கு ஆணி அடித்துக் கொடுத்ததே அவர்தான். "அண்ணா, எங்க வீட்ல யாரு ஹோமம் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். பாலகுரு ஒரு நிமிஷம் முழித்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் கடையைச் சாத்திவிட்டு வந்தது தகும்.

ஆனால் வாய் ஓயுமா? "சரி, ஹோமம் இல்ல. ப்ரேயர்ல மெழுகுவத்தி ஏத்துவீங்கல்ல? புகை வராது?" என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் தூங்காததற்குக் கொசு காரணம், சாதம் காரணம், ஹெப்சியின் பாட்டுக் காரணம். அவருடைய சீலிங் மட்டும் காரணம் இல்லை.

"படுத்துப் பாருங்கண்ணா," என்றேன்.

"நான் இன்னாத்துக்குப் படுக்கணும்? நின்னுக்கினே தெரியுதே."

"நின்னு பாக்கறது நீங்க. அதுங்க படுத்துத்தான் பாக்குதுங்க. டார்ச்சை என்கிட்ட குடுங்க, சட்டை அழுக்காவாது, பாய் சுத்தமாத்தான் இருக்கு."

தண்ணி சுத்துது என்று சொன்ன அந்தப் பெண் குழந்தை எழுந்து தன் பாயைத் தட்டிக் காட்டியது. சுற்றிப் பார்த்தார். தன் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சின்னப் பாயில் படுத்தார். கால் பாதி தரையில் கிடந்தது.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண் இப்படியும் அப்படியும் ஓடியது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரிக்கப் போனேன். அப்போது கைக்குட்டைக்கு அடியிலிருந்து, "மத்தியானத்துல தெனமும் இப்டித்தான் தெரியுமா?" என்று கேட்டார்.

"தினமும்தான்," என்றாள் ஹெப்சி.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பேஜாரு," என்று மட்டும் சொன்னார். ஹெப்சியைப் பார்த்து, "சனி ஞாயிறுல முடிச்சுத் தர்றேன்மா. அந்த ரெண்டு அம்மாகிட்ட ஒரு வாரம் பொறுத்துக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடமிருந்து டார்ச்சை வாங்க மறந்துவிட்டார்.

சனிக்கிழமை என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனேன். நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். இவர் பாட்டுக்கு அந்த ஆயில் பெயிண்ட் மேலேயே மேட்டை உருட்டிவிட்டுப் போனால், மழமழப்பில் பிடிக்காமல் ஒரு மழைக்காலத்தில் உரிந்து பிள்ளைகள் தலையில் விழும். ஆனால் மனிதர் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு ஏணியில் நின்று, எமரி பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பளபளப்பு முழுக்கச் செத்து, சீலிங் வெளுத்த மாவு மாதிரி ஆகும்வரை தேய்த்தார். தான் அடித்ததைத் தானே தேய்த்து எடுக்கிற காட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன்மேல்தான் மேட் அடித்தார். பிள்ளைகள் அறைச் சுவரில் கிரேயான் மெழுகை எடுத்துவிட்டு சாட்டின். அடுப்பங்கரைச் சுவரைச் சோப்பால் கழுவிக் காயவைத்து அங்கேயும் சாட்டின். சாட்டின் என்று சொன்னது நான். அவரை விட்டிருந்தால் அடுப்பங்கரைக்கும் மறுபடி மேட்டையே அடித்திருப்பார். இவர் எதையும் புரிந்துகொள்கிற ஆள் இல்லை. அடி வாங்கினால் எதிர்ப்பக்கம் ஓடுகிற ஆள். ஹோமம் அடித்தபோது கிளாஸிக்கு ஓடினார், பிள்ளைகள் அடித்ததும் மேட்டுக்கு ஓடுகிறார்.

வாசனை போகட்டும் என்று ஒரு நாள் கூடுதலாக லீவு விட்டுத்தான் ஹெப்சி திறந்தாள். அந்த வாரமே போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, எல்லாம் தூங்குதுங்க," என்றாள். நிறுத்துவதாகச் சொன்ன அம்மாக்களில் ஒருத்தி தன் தங்கை பிள்ளையையும் கூட்டிவந்து சேர்த்தாள். மாமியார் வாடகைப் பேச்சை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சாதம் பிசைய வந்து உட்கார்ந்துகொள்கிறாராம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பாலகுருவை இன்னும் நாலு வார்த்தை திட்டலாம் என்று காத்திருந்தேன்.

அவர் வந்தார். டார்ச்சைக் கேட்கவில்லை. கல்லாப் பக்கம் நின்றுகொண்டு, "சீலிங் மேட் வெள்ளை ஒரு பக்கெட் குடு மேடம். எமரியும் குடு," என்றார்.

"எந்த சைட்டுக்கு?"

"வூட்டுக்கு."

திட்ட வைத்திருந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். "அடுப்பங்கரைக்கும் மேட்டா அடிச்சுடட்டுமா?" என்று கேட்டார். "மீன் பொரிக்கற அடுப்பங்கரைக்கு எவனாவது மேட் அடிப்பானா? அங்க இருக்கற கிளாஸி இருக்கட்டும். சீலிங்கை மட்டும் பாருங்க," என்று கத்தினேன். தலையாட்டிக்கொண்டு போனார். எதிர்த்துப் பேசாத பாலகுருவைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு தபா வந்து பார் என்றார். மத்தியானம் போனேன். சீலிங் மங்கலாக, சுத்தமாக, கண்ணுக்கு இதமாக இருந்தது. வாசல் வெயில் உள்ளே வந்து அங்கே போய் அடங்கிவிட்டது. ஹால் சுவரையும் சாட்டினுக்கு மாற்றியிருந்தார், எவரும் சொல்லாமல். நான் கண்ணைச் சுருக்காமல் உட்கார்ந்தேன்.

முத்தாலம்மாள் அதே ஓரத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். முகத்தில் முந்தானை. வேர்த்துத் துணி மூக்கோடு ஒட்டியிருந்தது.

பாலகுரு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மனைவியின் தோளைத் தொட்டு, "தே, முத்தாலு. துணிய எட்து. இப்போ கூசாது, பாரு," என்றார். நான் அறிந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு மெல்லப் பேசிக் கேட்டதில்லை.

முத்தாலம்மாள் துணியை விலக்கி மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் கீது," என்றார். பிறகு முந்தானையை மறுபடி முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"இன்னாமே, மறுபடியும்?"

"இது இல்லாம தூக்கம் வர்ல. பழகிப்போச்சு," என்றது துணிக்குள்ளிருந்து வந்த குரல்.

பாலகுரு நிமிர்ந்து தன் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய டார்ச் என் கைப்பையில் இருந்தது. நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.